வளைகுடாவில் இருந்தபடி நீட் கட்டணம் கட்டுவது எப்படி?

துபாய், குவைத், மஸ்கட் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு 2021 முதல் நீட் எழுத ஊருக்கு ஓட வேண்டிய அவசியமில்லை. அந்த வருடம் குவைத்திலும் துபாயிலும் மையம் வந்தது, பிறகு மற்ற நகரங்களும் சேர்ந்தன. விண்ணப்பத்தை நிரப்புவதெல்லாம் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள். கட்டணம் கட்டும் பக்கம் வந்ததும்தான் வீட்டில் பதற்றம் தொடங்குகிறது. என் மகளுக்காகக் கட்டியபோது ஒரு வழி அடைபட்டு இன்னொரு வழியில்தான் முடிந்தது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

1. எவ்வளவு, எந்த நாணயத்தில்?

கட்டணம் எவ்வளவு என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் தேர்வு நகரத்தைப் பொறுத்தது. நீட் 2025-ல் இந்திய நகரம் என்றால் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய். வெளிநாட்டு நகரம் என்றால் எல்லாப் பிரிவினருக்கும் 9,500 ரூபாய். உங்கள் வருடத்துத் தொகையைத் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு வங்கிக்குரிய சிறு கட்டணமும் வரியும் சேரும்.

தொகை ரூபாயில்தான் வசூலிக்கப்படும். ஒரு திர்ஹாம் 23.50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,500 ரூபாய்க்குச் சுமார் 404 திர்ஹாம். இங்குள்ள கார்டில் கட்டினால் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்க்கும். அது 3 சதவீதம் என்றால் 416 திர்ஹாம் ஆகிவிடும். எங்காவது "திர்ஹாமிலேயே கட்டுகிறீர்களா?" என்று திரை கேட்டால் ரூபாயையே தேர்ந்தெடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான்.

2. எதில் கட்டுவது?

என் வரிசை இது: முதலில் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கின் நெட் பேங்கிங், அடுத்து அதே கணக்கின் டெபிட் கார்டு, அப்புறம் யுபிஐ. இங்குள்ள வங்கியின் கார்டு கடைசி. இந்தியக் கணக்கில் கட்டினால் நாணய மாற்றமே இல்லை. பணம் சிக்கிக்கொண்டாலும் இந்திய விதிப்படி திரும்பி வரும்.

யுபிஐ பற்றி ஒரு விஷயம். வெளிநாட்டு மொபைல் எண்ணை என்ஆர்இ கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்தும் வசதி 2023-ல் அறிவிக்கப்பட்டபோது அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் பட்டியலில் இருந்தன. குவைத்தும் பஹ்ரைனும் இல்லை. இந்திய எண்ணில் வைத்திருப்பவர்கள் ஊரில் இருக்கும்போதே செயலியைப் பதிவுசெய்து முடித்திருப்பது நல்லது, ஏனென்றால் பதிவின்போது அந்த சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் போக வேண்டும்.

3. கார்டு மறுக்கப்பட்டால்

நிறையப் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. கார்டு மறுக்கப்பட்டதும் உடனே மறுபடி அழுத்தாதீர்கள். முதலில் உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, இந்த முயற்சி அங்கே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்எம்எஸ்ஸும் இல்லை, ஓடிபியும் இல்லை, செயலியில் எந்தத் தடயமும் இல்லை என்றால், கோரிக்கை பெரும்பாலும் உங்கள் வங்கிக்கு வந்து சேரவே இல்லை. இந்தியாவில் உள்ள பேமென்ட் கேட்வே வெளிநாட்டுக் கார்டை ஏற்காமல் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். இந்த நிலையில் வங்கிக்கு எத்தனை தடவை போன் செய்தாலும் பயனில்லை. எனக்கு நடந்தது இதுதான். கஸ்டமர் கேரில் இருந்தவர் "எங்களிடம் எந்தக் கோரிக்கையும் வரவில்லையே சார்" என்றார். கட்டணப் பக்கத்தில் வேறு கேட்வே தெரிந்தால் அதை முயலுங்கள், இல்லையென்றால் இந்தியக் கணக்குக்கு மாறுங்கள். நான் என்ஆர்இ நெட் பேங்கிங்கில் கட்டினேன், உடனே முடிந்தது.

மாறாக, மறுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து தகவல் வந்திருந்தாலோ, திரையில் `Do not honour` என்று காட்டினாலோ, தடுத்தது உங்கள் வங்கி. வழக்கமில்லாத நாட்டுக்குப் பணம் போகிறது என்று சந்தேகப்பட்டிருக்கலாம். போன் செய்து, இந்தியாவுக்கு இவ்வளவு தொகை நான்தான் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி முயலுங்கள். விபிஎன் போட்டுக்கொண்டு கட்டாதீர்கள், சந்தேகம் இன்னும் கூடும்.

இந்திய டெபிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு குழப்பம். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020-க்குப் பிறகு தரப்படும் கார்டுகளில் ஆன்லைன் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். உள்நாட்டுக்கு ஒரு பொத்தான், வெளிநாட்டுக்கு ஒரு பொத்தான். நாம் துபாயில் உட்கார்ந்திருப்பதால் வெளிநாட்டுப் பொத்தானைத் திறக்கத் தோன்றும். ஆனால் பணம் வாங்குபவர் இந்தியாவில் இருக்கிறார், கார்டும் இந்தியக் கார்டு. எனவே இது உள்நாட்டுப் பரிவர்த்தனை. திறக்க வேண்டியது உள்நாட்டு ஆன்லைன் பொத்தான். தினசரி வரம்பு 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அதையும் ஏற்றுங்கள்.

4. பணம் போனது, ஆனால் விண்ணப்பம் நகரவில்லை

வங்கி எஸ்எம்எஸ் கட்டணம் கட்டியதற்குச் சான்று ஆகாது. கட்டணம் வெற்றிகரமாகச் சேர்ந்த பிறகுதான் கன்ஃபர்மேஷன் பேஜ் உருவாகும். அது வந்தால்தான் விண்ணப்பம் முடிந்தது. வரவில்லையென்றால் பக்கத்தை மூடிவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி உள்ளே போய் நிலையைப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால், கையேட்டில் உள்ள அந்த கேட்வேயின் உதவி மின்னஞ்சலுக்கு விண்ணப்ப எண், பரிவர்த்தனை எண், தேதி, தொகை நான்கையும் எழுதுங்கள். கடைசி நாள் நெருங்கிவிட்டால் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்னொரு முறை கட்டிவிடுங்கள். கன்ஃபர்மேஷன் பேஜ் இல்லாமல் தேதி கடந்துபோவதுதான் பெரிய இழப்பு.

முதல் தொகை என்ன ஆகும்? இந்தியக் கணக்கிலிருந்து போய் வணிகரிடம் உறுதியாகாத ஆன்லைன் கார்டு, யுபிஐ பரிவர்த்தனைகளுக்கு, ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும்தான். வெளிநாட்டுக் கார்டில் அந்தத் தொகை "நிலுவை" என்று காட்டினால், அது ஒதுக்கி வைக்கப்பட்ட தொகை. உறுதியாகாவிட்டால் தானாக விடுபடும். ஸ்டேட்மென்ட்டில் பதிவாகிவிட்டால் திரும்பும் நாளின் விகிதத்தில் வரும், சில திர்ஹாம் குறையலாம்.

5. எதையெல்லாம் சேமித்து வைப்பது?

கன்ஃபர்மேஷன் பேஜை பிடிஎஃப்பாக இறக்கி, மூன்று நான்கு பிரதிகள் எடுத்து வையுங்கள். கல்விப்படி தரும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் கார்டு அல்லது வங்கி ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்து வையுங்கள். எதற்காகக் கட்டினோம் என்பதற்கு முதலாவது, நம் கணக்கிலிருந்து எவ்வளவு போனது என்பதற்கு இரண்டாவது. கேட்வேயின் "வெற்றி" திரையையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அது சான்றாகாது, ஆனால் புகார் எழுதத் தேவையான எண் அதில்தான் இருக்கும்.

பின்சேர்க்கை: குவைத்திலிருந்து ஒரு வாசகர், ஊரில் இருக்கும் தம்பி கட்டலாமா என்று கேட்டிருந்தார். கட்டலாம். ஆனால் அவருடைய கார்டை நீங்கள் இங்கே பதிந்து, அவர் போனில் ஓடிபி சொல்லும் முறை வேண்டாம். விண்ணப்ப எண்ணையும் பாஸ்வேர்டையும் அவரிடம் கொடுத்து, அவர் கணினியிலேயே கட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். பணம் திரும்பினால் அவர் கணக்குக்குத்தான் போகும்.

இன்னொன்று: கடைசி நேரம் இந்திய நேரப்படி. 2025-ல் அது இரவு 11:50. துபாய், மஸ்கட்டில் இருப்பவர்களுக்கு அது 10:20, குவைத், தோஹா, ரியாத்தில் 9:20.