கேட்டவர் ஒருவர், தீர்ப்பவர் வேறொருவர்: துறை விசாரணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய தண்டனைக்கு வழி வகுக்கும் 17(பி) சார்ஜ் மெமோ வாங்கிய தமிழக அரசு ஊழியர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என் சாட்சிகளை உட்கார்ந்து கேட்டவர் விசாரணை அலுவலர். என் முகத்தைக்கூடப் பார்க்காத மேலதிகாரி என்னை எப்படி டிஸ்மிஸ் செய்யலாம்?" நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குத் தப்பான பதிலை வைத்துக்கொண்டு ஊழியர்களும் தோற்கிறார்கள், அதிகாரிகள் போட்ட உத்தரவுகளும் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போகின்றன.

முதல் தவறு, "கேட்டவர்தான் தீர்க்க வேண்டும்" என்ற விதியை எல்லா இடத்துக்கும் பொருத்துவது. இந்தியாவில் இந்த விதிக்கு எல்லோரும் காட்டுவது குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கு. ஆந்திர அரசு பேருந்துத் தடங்களை அரசுடைமையாக்கத் திட்டம் போட்டது. தனியார் பேருந்து உரிமையாளர்கள் ஆட்சேபித்தார்கள். மாநில அரசு அவர்களை நேரில் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஆட்சேபங்களைக் கேட்டவர் துறைச் செயலாளர், உத்தரவு போட்டவர் முதலமைச்சர். இது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1958-ல் சொன்னது. நேரில் கேட்பதால் என்ன பயன்? சாட்சி பேசும்போது அவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்கலாம், வாதத்தின் நடுவே எழும் சந்தேகத்தை அங்கேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். முடிவெடுப்பவர் அந்த இடத்தில் இல்லையென்றால் நேரடிக் கேட்பு வெறும் சடங்குதான் என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். அப்புறம் முதலமைச்சரே அமர்ந்து ஆட்சேபங்களைக் கேட்டு முடிவெடுத்தார். அதை எதிர்த்து வந்த இரண்டாவது வழக்கில் அந்த நடைமுறை நிலைத்தது.

துறை விசாரணை இப்படி அமைந்ததல்ல. தண்டனை அதிகாரி தானே விசாரிக்கலாம், அல்லது விசாரிக்க ஒருவரை நியமிக்கலாம் என்று விதிகளே சொல்கின்றன. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 14-வது விதி அப்படித்தான் இருக்கிறது. விசாரணை அலுவலர் பாதியில் மாறினால், அடுத்து வருபவர் ஏற்கெனவே பதிவான சாட்சியத்தை வைத்தே தொடரலாம் என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே "என்னைக் கேட்டவர் வேறு, தண்டித்தவர் வேறு" என்ற ஒரே வாதத்தோடு நீதிமன்றம் போனால் வழக்கு நிற்காது.

ஆனால் கேட்பவரும் தீர்ப்பவரும் வேறு வேறாக இருக்க விதி இடம் கொடுத்திருக்கிறது என்பதால் தண்டனை அதிகாரியின் பொறுப்பு குறைந்துவிடாது. கேட்காத ஒருவர் முடிவெடுக்கிறார் என்பதால்தான் மூன்று கடமைகள் அவர் மேல் விழுகின்றன. பதிவான சாட்சியம் முழுவதும் அவர் முன் இருக்க வேண்டும். அவர் கையில் இருக்கும் அறிக்கை ஊழியரிடமும் போய்ச் சேர வேண்டும். அறிக்கையை விட்டு விலகுவதானால், அதற்கு முன்பு ஊழியரைக் கேட்க வேண்டும். நான் பார்த்த வரையில், உத்தரவுகள் சறுக்குவதெல்லாம் இந்த மூன்றில்தான்.

அறிக்கையை மட்டும் படித்துக் கையெழுத்திடுவது

விசாரணை அறிக்கை ஒரு உதவி, அவ்வளவுதான். அது தண்டனை அதிகாரியைக் கட்டுப்படுத்தாது என்று எச்.சி. கோயல் வழக்கில் 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்தியப் பொதுப்பணித் துறை அலுவலர் ஒருவர் மேலதிகாரியிடம் நூறு ரூபாய் நோட்டை நீட்டி லஞ்சம் கொடுக்கப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமாகவில்லை என்றார் விசாரணை அலுவலர். அரசு அதை ஏற்காமல் அவரைப் பணிநீக்கம் செய்தது. ஏற்காமல் இருக்க அரசுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அரசு வந்த முடிவுக்கு ஆதாரமே இல்லை, அதனால் உத்தரவு நிற்காது என்றது. ஆக, அறிக்கை எந்தப் பக்கம் சொன்னாலும் அதிகாரி சாட்சியத்தைத் தானே படித்தாக வேண்டும்.

படித்தாரா இல்லையா என்பது உத்தரவைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். "விசாரணை அறிக்கையும் தனியரின் மேல் விளக்கமும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன, விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை" என்ற ஒரு வரியும், உடனே தண்டனையும் இருந்தால் அங்கே பரிசீலனை நடந்ததற்கு அடையாளமே இல்லை. மேல் விளக்கத்தில் தனியர், அதாவது குற்றம் சாட்டப்பட்ட ஊழியர், எழுப்பிய முக்கியமான இரண்டு மூன்று புள்ளிகளையாவது எடுத்து, எந்தச் சாட்சி, எந்த ஆவணம் அதற்குப் பதில் சொல்கிறது என்று எழுத வேண்டும். அதற்கு இரண்டு பக்கம் போதும்.

அறிக்கையைத் தண்டனையோடு சேர்த்து அனுப்புவது

1990 நவம்பர் 20 அன்று ரம்சான் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தை உறுதியாக்கியது: விசாரணை அலுவலர் வேறொருவராக இருந்தால், தண்டனை அதிகாரி முடிவுக்கு வருமுன் அறிக்கையின் நகலை ஊழியருக்குக் கொடுக்க வேண்டும். 1993-ல் இ.சி.ஐ.எல். நிறுவனத்துக்கும் கருணாகர் என்பவருக்கும் நடந்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை நிலைநிறுத்தியது. ஊழியர் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவர் காணாத அறிக்கை அதிகாரியின் மனதில் வேலை செய்கிறது, அதற்குப் பதில் சொல்ல அவருக்கு வழி வேண்டும் என்பது இதன் அடிப்படை.

இங்கே ஊழியர் தரப்பிலும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. அறிக்கை கொடுக்கப்படவில்லை என்றாலே வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். கருணாகர் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. நீதிமன்றம் முதலில் அறிக்கையைக் கொடுக்கச் செய்து, "இது அப்போதே கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய், அதனால் முடிவு மாறியிருக்குமா?" என்று பார்க்கும். மாறியிருக்கும் என்று தெரிந்தால்தான் உத்தரவு ரத்தாகும். அப்போதும் அறிக்கை கொடுக்கும் கட்டத்திலிருந்து நடவடிக்கையைத் தொடரலாம், அதுவரை தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கலாம், பாக்கிச் சம்பளம் இறுதி முடிவைப் பொறுத்தது. எனவே மனுவில் "நகல் தரவில்லை" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அறிக்கையின் எந்தப் பத்தி தவறு, எந்தச் சாட்சியம் விடுபட்டது என்பதையும் எழுதுங்கள்.

அதிகாரியின் கையில் இருக்கும் மற்ற காகிதங்களுக்கும் இதே விதிதான். ஊழியருக்குக் காட்டாத கண்காணிப்பு ஆணையப் பரிந்துரையை வைத்துத் தண்டித்ததற்காக, ஸ்டேட் வங்கி அதிகாரி ஒருவர் மீதான உத்தரவை 1992-ல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

மாறுபடும்போது முடிவை முதலிலேயே எழுதிவிடுவது

அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். ஒரு கற்பனை நகராட்சி பில் கலெக்டரை எடுத்துக்கொள்வோம். 18,400 ரூபாய் சொத்து வரியை வசூலித்துச் செலுத்தவில்லை என்பது முதல் குற்றச்சாட்டு. பதிவேட்டைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பது இரண்டாவது. விசாரணையில் காசாளர், அன்றைய கேஷ் புக் பதிவைத் தான் மறுநாள் காலையில்தான் எழுதியதாகக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்கிறார். முதல் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, இரண்டாவது நிரூபணம் என்று அறிக்கை வருகிறது. ஆணையருக்கோ முதல் குற்றச்சாட்டும் நிரூபணமானதாகத் தோன்றுகிறது. சரி, அவர் என்ன செய்ய வேண்டும்?

வழக்கமாக எழுதப்படும் குறிப்பாணை இப்படி இருக்கும்: "விசாரணை அலுவலரின் முடிவை ஏற்க இயலவில்லை. முதல் குற்றச்சாட்டு நிரூபணமானதாக முடிவு செய்யப்படுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஊதிய உயர்வை ஏன் நிறுத்தக் கூடாது என்று 15 நாட்களுக்குள் விளக்கம் தரவும்." இது நீதிமன்றத்தில் நிற்காது. குற்றத்தைப் பற்றிய முடிவு முடிந்துவிட்டது, தண்டனையைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள். மகாராஷ்டிர நீதித்துறை அதிகாரியான யோகிநாத் பாக்டேயின் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் தவறென்று சொன்னது இத்தகைய முறையைத்தான். அதற்கு முந்தைய ஆண்டு பஞ்சாப் நேஷனல் வங்கிக்கும் குஞ்ச் பிஹாரி மிஸ்ராவுக்கும் நடந்த வழக்கு, விசாரணை அலுவலர் விடுவித்த குற்றச்சாட்டில் தண்டனை அதிகாரி மாறுபட நினைத்தால் தற்காலிகக் காரணங்களைப் பதிவு செய்து, இறுதி முடிவுக்கு முன் ஊழியரைக் கேட்க வேண்டும் என்று தெளிவாக்கியது. விசாரணையில் ஜெயித்தவனைக் கேட்காமலே தோற்கடிப்பது எந்த நியாயத்திலும் சேராது. மத்திய அரசு விதிகளின் 15-வது விதியும் அறிக்கையோடு மாறுபடும் காரணங்களையும் அனுப்பி, 15 நாள் அவகாசம் தரச் சொல்கிறது.

சரியான குறிப்பாணை இப்படி இருக்கலாம்: "காசாளர் ஒப்புக்கொண்டது கேஷ் புக்கில் பதிந்த நேரத்தைப் பற்றி மட்டுமே. ஆவணம் 4-ல் உள்ள ரசீது அடிக்கட்டைகளைத் தாம் எழுதியதைத் தனியரும் மறுக்கவில்லை. அந்தத் தொகைக்குச் செலான் எதுவும் பதிவில் இல்லை. எனவே முதல் குற்றச்சாட்டு நிரூபணமானதாகக் கொள்ள இடமுண்டு என்று தற்காலிகமாகக் கருதுகிறேன். இதுபற்றித் தனியர் தம் விளக்கத்தை அளிக்கலாம்." காரணம் ஒவ்வொன்றும் விசாரணைப் பதிவிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கிறது, குற்றம் பற்றிய கேள்வி திறந்தே இருக்கிறது, தண்டனையைப் பற்றிப் பேச்சே இல்லை. விசாரணைக்கு வராத புதிய ஆவணத்தை இந்தக் குறிப்பாணையில் நுழைப்பதும் தவறு.

இப்படி ஒரு குறிப்பாணை வந்தால் பில் கலெக்டர் "விசாரணை அலுவலர் என்னை விடுவித்துவிட்டார்" என்று மட்டும் பதில் எழுதக் கூடாது. அதனால் அதிகாரி கட்டுப்பட மாட்டார். அடிக்கட்டை, செலான் என்று அவர் சுட்டிய இரண்டுக்கும் நேராகப் பதில் எழுத வேண்டும்.

நேரில் கேட்ட அதிகாரி மாற்றலாகிப் போனால்

தண்டனை அதிகாரி மாறிவிட்டார், புதியவர் உத்தரவு போடுகிறார். இது தவறா? எழுத்து விளக்கத்தை வைத்து மட்டும் முடிவெடுக்கும் இடமென்றால் தவறில்லை, புதியவரும் அதே காகிதங்களைத்தான் படிக்கிறார். விதிப்படி நேரடிக் கேட்பு நடந்திருந்தால் விஷயம் வேறு. டயர் உற்பத்தியாளர் சங்கம் தொடுத்த, மலிவு விலை இறக்குமதிக்கு எதிரான பொருள்குவிப்புத் தடுப்பு வரி வழக்கில், நேரில் கேட்டவர் போன பிறகு அடுத்து வந்தவர் மறுபடி கேட்காமல் இறுதி முடிவு கொடுத்தது இயற்கை நீதிக்கு விரோதம் என்று 2011-ல் தீர்ப்பானது. எதிர்ப்பக்கத்திலும் தீர்ப்பு உண்டு. 1989-ல் மோடி ஆல்கலீஸ் தொடர்பான வழக்கில், அரசு ஒரு நிறுவனமாக முடிவெடுக்கும் இடத்தில் கேட்டவரும் முடிவெடுத்தவரும் வேறு வேறாக இருந்ததை உச்ச நீதிமன்றம் பொறுத்துக்கொண்டது.

இப்படி இரண்டு பக்கமும் தீர்ப்பு இருக்கும்போது சும்மா இருப்பதுதான் ஆபத்து. புதிய அதிகாரி பொறுப்பேற்றதும், "முந்தைய அதிகாரி முன் இந்தத் தேதியில் நேரில் ஆஜராகி விளக்கம் அளித்தேன், உத்தரவுக்கு முன் தாங்களும் நேரில் கேட்க வேண்டுகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சொல்லாமல் உத்தரவு வந்த பிறகு முதல்முறையாகச் சொன்னால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்றுதான் நீதிமன்றம் கேட்கும்.