வாக்-இன் இன்டர்வியூ நாளில் என்ன உடுத்துவது: வெயில், வரிசை, கையில் நாலு படிவம்

காலை எட்டரைக்கு வரிசையில் நின்ற என்னை உள்ளே கூப்பிட்டபோது மணி இரண்டேகால். நன்றாக இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, தோளில் பேக்பேக். பேசிவிட்டு வெளியே வந்து கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தால், இரண்டு தோளிலும் வார் போன இடம் கருநீலப் பட்டையாக இறங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். முதுகில் பை உட்கார்ந்திருந்த இடம் அளவெடுத்த மாதிரி ஒரு செவ்வகம். சான்றிதழை எடுக்க இரண்டு தடவை இன்டர்வியூ எடுத்தவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருக்கிறேன்.

உள்ளே இருக்கப்போகும் பத்து நிமிடத்துக்காக உடுத்திவிட்டு, வெளியே நிற்கும் ஐந்தாறு மணி நேரத்தை மறந்துவிட்டேன். அதற்கப்புறம் போன மூன்று இடங்களுக்கும் இப்போது சொல்லப்போகும் முறையில்தான் போனேன். சட்டையைத் துவைத்து இஸ்திரி போடுவது, ஷூவுக்குப் பாலிஷ் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் சட்டை: ஒரு சொட்டுத் தண்ணீர் போதும்

துணி நனைந்தால் நூலிழைகளுக்கு நடுவே தண்ணீர் நிறைந்து, வெளிச்சம் சிதறித் திரும்புவது குறைகிறது. அதனால் அந்த இடம் இருண்டு தெரிகிறது. வெளிர்நீலம், சாம்பல், காக்கி மாதிரி நடுத்தர நிறங்களில்தான் இது கண்ணை உறுத்தும். வெள்ளையில் கறை இருளாது, உள்ளே இருப்பது லேசாகத் தெரியும், அவ்வளவுதான். கருநீலத்தில் ஏற்கெனவே இருட்டு என்பதால் ஈரம் தெரியாது. ஆனால் வெயிலில் சூடு ஏறும், வியர்வை காய்ந்தபின் உப்பு வெள்ளைக் கோடாகப் பூக்கும்.

கடையில் பிடித்ததை வாங்கிவிட்டு, வீட்டில் இதைச் செய்யுங்கள். விரலைத் தண்ணீரில் தொட்டுச் சட்டையின் அடிப்பக்க ஓரத்தில் வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளி பளிச்சென்று தெரிந்தால் அந்தச் சட்டை அன்றைக்கு வேண்டாம். அந்த ஈரம் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்றும் பாருங்கள். கனமான பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு லேசில் விடாது. முழு பாலியஸ்டர் உறிஞ்சவே செய்யாது, வியர்வை உடம்பிலேயே ஒழுகும், மதியத்துக்குள் வாடையும் பிடித்துக்கொள்ளும். உள்தையலில் இருக்கும் லேபிளில் 60 பருத்தி, 40 பாலியஸ்டர் என்று பார்த்தால் எடுத்துக்கொள்வேன். அதிகம் கசங்காது. என் ஓட்டு, மெல்லிய கோடு போட்ட வெள்ளைக்கு. கோடு இருந்தால் மிச்சம் மீதி ஈரமும் அதில் மறைந்துவிடும்.

பனியனில்தான் நான் கோட்டைவிட்டேன்

கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு போனேன். அக்குளில் துணியே இல்லாதபோது அங்கே ஊறுவதை எது உறிஞ்சும்? நேரே சட்டைக்குத்தான் போனது. அரைக்கை வைத்த மெல்லிய பருத்திப் பனியன் வேண்டும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் அதன் விளிம்பு அப்படியே தெரியும். தோல் நிறத்துக்குப் பக்கத்தில் உள்ளதோ வெளிர்சாம்பலோ போட்டால் தெரியாது.

இன்னொன்று, டியோடரண்ட் வாடையை மட்டும்தான் மறைக்கும். வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரண்ட். அதில் உள்ள அலுமினிய உப்பு வியர்வைத் துளைகளின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. கிளம்பும்போது தடவினால் வியர்வையே அதைக் கழுவிவிடும். முந்தின இரவு, அக்குளை நன்றாகத் துடைத்து, காய்ந்த தோலில் தடவிவிட்டுப் படுங்கள். இரவில் வியர்வை குறைவு என்பதால் அது உட்கார நேரம் கிடைக்கும். காலையில் குளித்தாலும் பெரும்பாலும் பலன் நிற்கும்.

பை முதுகில் ஏறக் கூடாது

கைப்பிடி வைத்த தட்டையான ஃபைல் பை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை நகராதபோது இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துவிடலாம். பேக்பேக்கை முன்பக்கம் மாட்டினால் போதாதா என்று கேட்காதீர்கள், முதுகுக்குப் பதில் மார்பு நனையும். வார் மாட்டும் பையும் அப்படித்தான், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு விழும்.

படிவம் நிரப்பும்போது உடை படும் பாடு

மேசை கிடைக்காது, முழங்காலில் வைத்துத்தான் எழுதுவீர்கள். அதனால் போகும் முன் ஒரு ஞாயிறு மதியம் மொத்தமாக உடுத்திக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு தரையில் உட்கார்ந்து ஒரு பழைய படிவத்தை நிரப்பினேன். மூன்று விஷயம் மாட்டியது. குனிந்ததும் டக்-இன் பின்னால் பிதுங்கி வெளியே வந்தது. சட்டை நீளம் போதவில்லை, மாற்றினேன். சட்டைப் பையில் இருந்த புகைப்பட உறை நழுவி விழுந்தது, இனி அது ஃபைலில்தான். மூன்றாவது ஜெல் பேனா. எழுதி முடித்த வரியில் ஈரக் கை பட்டதும் மை இழுத்தது, மிச்சம் சட்டையின் மணிக்கட்டுப் பட்டியில்.

ஜெல் மை தண்ணீர் சார்ந்தது, பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை. இந்த வேலைக்கு மூடி போட்ட பால்பாயின்ட்தான், இரண்டு எடுங்கள். அழுத்தி விடும் பேனாவைச் சட்டைப் பையில் செருகினால் எப்போது முனை வெளியே வந்தது என்றே தெரியாது. கைக்குட்டையும் இரண்டு. ஒன்று முகத்துக்கு. இன்னொன்றைக் காய்ந்ததாகவே வைத்திருந்து, எழுதும்போது உள்ளங்கைக்கும் தாளுக்கும் நடுவே போடுங்கள். வியர்வைப் பிசுக்கு ஏறிய தாளில் பால்பாயின்ட்டும் விட்டுவிட்டுத்தான் எழுதும். பரீட்சை அட்டை ஒன்று இருந்தால் முழங்கால் ஈரமும் தாளில் ஏறாது. ஒட்டுவதற்குக் குச்சிப் பசைதான், திரவப் பசை முழுக்கைச் சட்டைக்கு எதிரி. வரிசையில் நிற்கும்போது கையை அகலமாக இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, உங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் இருக்கும்போது இறக்கிப் பொத்தான் போடுங்கள்.

ஷூ பற்றி ஒன்றே ஒன்று. நெடுநேரம் நின்றால் பாதம் வீங்கும். அதனால் மாலையில் போட்டுப் பார்த்து வாங்கி, குறைந்தது நாலு நாள் போட்டுப் பழகிவிட்டுப் போங்கள். புது ஷூவை அன்றைக்கே தொடங்கியவர்கள் மதியம் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின்சேர்க்கை 1: பதிவைப் படித்த ஒருவர், "அண்ணா, எழுதக் குனிந்தாலே துப்பட்டா படிவத்தில் விழுகிறது, என்ன செய்ய?" என்று கேட்டிருந்தார். என் தங்கையிடம் கேட்டேன். இரண்டு தோளிலும் பின் குத்தி, தொங்கும் முனைகளைப் பின்பக்கம் விட்டுவிடச் சொன்னாள். நைலான் துப்பட்டா வழுக்கும், பருத்தி நிற்கும். சுடிதாருக்கும் அதே சொட்டுச் சோதனைதான். லைனிங் வைத்துத் தைத்தது என்றால் உள்துணி பருத்திதானா என்று பாருங்கள், பாலியஸ்டர் லைனிங் உடம்பில் ஒட்டும்.

பின்சேர்க்கை 2: மாற்றுச் சட்டை கொண்டு போகலாமா என்று பலர். கொண்டு போங்கள், ஆனால் மடிக்காதீர்கள், மார்புக்குக் குறுக்கே கோடு விழும். சிறு துண்டில் வைத்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். மாற்றப் போகும்முன் பின்னால் நிற்பவரிடம் சொல்லிவிட்டு, டோக்கனைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

பின்சேர்க்கை 3: கோட் கேட்டவருக்கு: வரிசையில் அதை மாட்டிக்கொண்டு நிற்கவே வேண்டாம். கையில் போட்டிருந்து உள்ளே நுழையும்போது மாட்டினால் ஈர முதுகு மறையும். ஆனால் உள்ளே இருப்பவர், "சூடா இருக்கே, கழட்டி வெச்சிட்டு உட்காருங்க" என்று அன்பாகச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் "பரவாயில்லை சார்" என்றே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.