ஸ்லைடு சார்ட்டரில் டெக்கை வெட்டிக் குறைக்கும்போது செய்யும் தவறுகள்

நாற்பது ஸ்லைடு இருக்கிற டெக்கைப் பதினைந்து நிமிடப் பேச்சுக்குச் சுருக்கச் சொன்னால், பெரும்பாலானோர் இடது ஓரத்தில் வரிசையாகத் தெரியும் சின்னப் படங்களைப் பிடித்து மேலும் கீழும் இழுக்கத் தொடங்குவார்கள். முப்பத்தைந்தாவது ஸ்லைடை ஐந்தாவது இடத்துக்குக் கொண்டுபோக, மவுஸை அழுத்திப் பிடித்தபடி திரை உருண்டுபோகும் வரை காத்திருக்க வேண்டும். பாதி வழியில் விரல் நழுவினால் அது எங்கே விழுந்ததென்று தேட வேண்டும். இதற்குத்தான் பவர்பாயின்ட்டில் ஸ்லைடு சார்ட்டர் இருக்கிறது. View தாவலில் Slide Sorter என்பதைச் சொடுக்கினால், மொத்த டெக்கும் மேசையில் பரப்பிய சீட்டுக்கட்டு மாதிரி தெரியும். மேக்கில் கமாண்ட் விசையோடு 2 அழுத்தினால் போதும்.

வேகம் கிடைக்கிறது, சரி. ஆனால் சார்ட்டர் காட்டுவது ஸ்லைடின் முகத்தை மட்டும். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பேச்சுக் குறிப்பு, அசைவு ஓடும் விதம், அடுத்த ஸ்லைடோடு உள்ள உறவு எதுவும் அங்கே தெரியாது. கீழே சொல்லும் தவறுகளில் பாதி இதிலிருந்து வருபவை. மீதிப் பாதி, ஸ்லைடுகளைப் பகுதிகளாகப் பிரிக்கும் செக்‌ஷனைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருபவை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு திட்டத்தின் ஆறு மாத முன்னேற்ற அறிக்கை, மொத்தம் 42 ஸ்லைடு. 1 முதல் 3 வரை தொடக்கம், 4 முதல் 12 வரை பின்னணி, 13 முதல் 25 வரை செய்த வேலை, 26 முதல் 31 வரை சிக்கல்கள், 32 முதல் 38 வரை செலவு, 39 முதல் 42 வரை அடுத்த கட்டம். கூட்டத்தில் கேட்கப்போவது கூடுதல் பணம். பேசக் கிடைத்திருப்பது இருபது நிமிடம். 16 ஸ்லைடுக்குள் முடித்தால் நிம்மதி.

எடுத்தவுடனே நீக்குவது

சார்ட்டரைத் திறந்ததும் கை தானாக டெலீட் விசைக்குப் போகும். போக விடாதீர்கள். பழைய வரிசையில் தேவையில்லாததுபோல் தெரியும் ஸ்லைடு, புது வரிசையில் இரண்டு பகுதிகளை இணைக்கும் பாலமாக இருக்கலாம். முதலில் பகுதி பிரியுங்கள், அப்புறம் பகுதிகளை இடம் மாற்றுங்கள், கடைசியாகத்தான் குறையுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை உண்டு. ஃபைலை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டி, ஸ்லைடுகளின் தலைப்பு படிக்க முடிகிற அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். 42 ஸ்லைடும் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்று சுருக்கினால் எல்லா வரைபடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆறேழு ஸ்லைடு ஒரு வரிசையில் வரும் அளவு எனக்குப் போதுமாக இருக்கிறது. திரையின் அகலத்தைப் பொறுத்து நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

செக்‌ஷன் எங்கே முடிகிறது என்று பார்க்காமல் விடுவது

பலர் தடுக்கி விழும் இடம் இது. சிக்கல்கள் பகுதியைத் தனியாகப் பிரிக்க வேண்டும். 26 முதல் 31 வரை ஆறு ஸ்லைடுகளைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் Add Section கொடுக்கிறீர்கள். அந்த ஆறும் ஒரு பெட்டிக்குள் போய்விட்டதாக நினைப்பீர்கள். உண்மையில் பவர்பாயின்ட் 26க்கு முன்னால் ஒரு கோடு போடுகிறது, அவ்வளவுதான். அந்தச் செக்‌ஷன் அடுத்த கோடு வரும்வரை ஓடும். அடுத்த கோடே இல்லையென்றால் 42 வரை எல்லாம் அதற்குள்தான். முன்னாலிருக்கும் 25 ஸ்லைடும் Default Section என்ற பெயரில் ஒரே மூட்டையாகிவிடும்.

இதைக் கவனிக்காமல் ‘சிக்கல்கள்’ என்ற தலைப்பைப் பிடித்து மேலே இழுத்தால், செலவும் அடுத்த கட்டமும் வால் பிடித்துக்கொண்டு கூடவே வரும். நான் ஒருமுறை இப்படி இழுத்துவிட்டு, முடிவுரை ஸ்லைடு நடுவில் உட்கார்ந்திருப்பதைக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்புதான் பார்த்தேன்.

ஆகவே எதையும் கூட்டமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒவ்வொரு பகுதியின் முதல் ஸ்லைடை மட்டும் தொட்டு, செக்‌ஷன் போட்டுக்கொண்டே போங்கள். நம் உதாரணத்தில் 4, 13, 26, 32, 39 என ஐந்தே இடங்கள். முதல் மூன்று ஸ்லைடும் தாமாகவே Default Section ஆகிவிடும், அதற்குப் பெயரை மாற்றினால் போதும். தலைப்புகளை மடித்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதிலுள்ள ஸ்லைடுகளின் எண்ணிக்கை தெரியும். 3, 9, 13, 6, 7, 4 என்று வந்தால் கோடுகள் சரியான இடத்தில் விழுந்திருக்கின்றன.

இப்போது இடம் மாற்றம். பணம் கேட்கும் பேச்சில் சிக்கலும் செலவும் முன்னால் வர வேண்டும், செய்த வேலையின் பட்டியல் அப்புறம் வரலாம். சிக்கல்களை ஒருமுறை, செலவை ஒருமுறை மேலே தூக்குவதற்குப் பதிலாக, செய்த வேலையை மட்டும் கீழே இறக்கினால் ஒரே நகர்வில் முடிந்தது. வலது சொடுக்கில் Collapse All கொடுத்தால் ஆறு தலைப்புகள் மட்டும் மிஞ்சும். ‘செய்த வேலை’யைப் பிடித்து செலவுக்குக் கீழே விட்டால் 13 ஸ்லைடும் இடம் மாறிவிடும்.

தலைப்புகளை மடித்து வைத்திருக்கும்போது ஓர் ஆபத்தும் உண்டு. செக்‌ஷன் தலைப்பைச் சொடுக்கினால் அதற்குள் இருக்கும் எல்லா ஸ்லைடும் தேர்வாகிவிடும். அந்த நிலையில் டெலீட்டைத் தட்டினால் தலைப்பு மட்டும் போகாது, ஸ்லைடுகளும் போகும். கோட்டை மட்டும் அழிக்க வலது சொடுக்கில் Remove Section இருக்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே Remove Section & Slides என்று இன்னொன்றும் இருக்கிறது. அவசரத்தில் ஒரு வரி தள்ளிச் சொடுக்கியவர்கள் நிறையப் பேர். கண்ட்ரோலும் Z-உம் காப்பாற்றும், உடனே கவனித்தால்.

குறைப்பதை அழிப்பது என்று நினைப்பது

மடித்த தலைப்புகளை மீண்டும் விரித்து, புது வரிசையில் ஒருமுறை கண்ணை ஓட்டினால், எது மிகை என்று இப்போது தெரியும். தொடக்கத்தில் 2, பின்னணியில் 2, சிக்கலில் 3, செலவில் 3, செய்த வேலையில் 4, அடுத்த கட்டத்தில் 2. மொத்தம் 16. மீதி 26 ஸ்லைடை என்ன செய்வது?

அழிக்காதீர்கள். “இந்தத் தொகைக்கு என்ன கணக்கு?” என்று யாராவது கேட்டால், பதில் அந்த 26இல்தான் இருக்கும். கடைசியில் ‘இருப்பு’ என்று ஒரு செக்‌ஷன் வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலை அழுத்தியபடி வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகச் சொடுக்கித் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலும் X-உம் அழுத்தி வெட்டி, டெக்கின் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் சொடுக்கி ஒட்டி, ஒட்டியவற்றில் முதல் ஸ்லைடைத் தொட்டு அந்தச் செக்‌ஷனைப் போட்டுவிடுங்கள். இழுப்பதைவிட இது பாதுகாப்பு. இழுக்கும்போது கண்ட்ரோல் விசையில் விரல் இருந்தால், ஸ்லைடு நகராமல் அதன் நகல் போய் விழும். ஒரே ஸ்லைடு இரண்டு இடத்தில் இருப்பதைச் சில சமயம் பேசும்போதுதான் கண்டுபிடிப்போம்.

அப்புறம் அந்த 26ஐயும் தேர்ந்தெடுத்து Hide Slide கொடுங்கள். எண்ணின் மேல் குறுக்குக் கோடு விழும். பேசும்போது அவை தாமாக வராது. தேவைப்பட்டால் ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் நேரே அங்கே போகலாம். இருப்பிலுள்ள முக்கியமான ஐந்தாறு எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இங்கேதான் இன்னொரு தவறு காத்திருக்கிறது. மறைத்த ஸ்லைடு ஃபைலை விட்டுப் போகவில்லை. அந்த ஃபைலை யாருக்காவது அனுப்பினால், அவர் திறந்ததும் 42உம் தெரியும். உள்ளுக்குள் மட்டும் வைத்திருக்க வேண்டிய விலை விவரம் இப்படித்தான் வெளியே போகிறது. பிடிஎஃப் ஆக்கும்போது Include hidden slides என்ற பெட்டியையும், அச்சிடும்போது Print Hidden Slides என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்ப ஒரு தனி நகல் எடுத்து, அதில் இருப்பு செக்‌ஷனை Remove Section & Slides கொண்டு முழுதாக நீக்கிவிடுவதே சரி. முன்னே பயமுறுத்திய அதே கட்டளை இங்கே பயன்படுகிறது.

நகர்த்தியதோடு வேலை முடிந்தது என்று விடுவது

சார்ட்டரில் பார்க்க எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஓட்டிப் பார்த்தால்தான் விரிசல் தெரியும்.

முதலில் மார்ஃப் டிரான்சிஷன். ஒரு ஸ்லைடிலுள்ள வரைபடம் அடுத்த ஸ்லைடில் நழுவிப் பெரிதாகும் அந்த விளைவு, முன்னால் எந்த ஸ்லைடு இருக்கிறதோ அதோடு ஒப்பிட்டுத்தான் வேலை செய்யும். ஜோடியில் ஒன்றை இருப்புக்கு அனுப்பிவிட்டால், மிஞ்சியது சும்மா மங்கித் தோன்றும். ஜோடியாக வைத்திருங்கள், அல்லது டிரான்சிஷனை மாற்றுங்கள்.

அடுத்தது நேரம். ஸ்லைடுக்குக் கீழே 00:08 என்பதுபோல் எண் தெரிந்தால், அது எட்டு நொடியில் தானாக நகரும். வேறொரு டெக்கிலிருந்து வந்த ஸ்லைடுகளில் இது ஒளிந்திருக்கும். Transitions தாவலில் After என்பதிலுள்ள குறியை எடுத்துவிட்டால் போதும்.

அசைவுள்ள ஸ்லைடுகளைச் சார்ட்டரின் படத்தை மட்டும் வைத்து எடை போட முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து குப்பைபோல் தெரிவது, ஓட்டும்போது அழகாக விரியலாம். அமைதியாகத் தெரியும் ஒன்று எட்டுச் சொடுக்கு கேட்கலாம். எண்ணுக்கு அருகே சின்ன நட்சத்திரம் இருந்தால் அதைச் சொடுக்கி ஒருமுறை பாருங்கள். 16 ஸ்லைடு என்பது 16 சொடுக்கு அல்ல, நேரக் கணக்கு இங்கேதான் பிசகும்.

கடைசியாக, கையால் எழுதிய சொற்கள். ஒரு குறிப்பிட்ட ஸ்லைடுக்குக் கொடுத்த இணைப்பு, அந்த ஸ்லைடை எங்கே இழுத்து நகர்த்தினாலும் அதையே தேடிப் போகும். ஆனால் “27ஆம் ஸ்லைடைப் பார்க்க” என்று தட்டச்சு செய்த எண் தானாக மாறாது. பேச்சுக் குறிப்பில் “சற்றுமுன் பார்த்தோமே” என்று எழுதியிருந்தால், அந்தச் சற்றுமுன் இப்போது பின்னால் போயிருக்கலாம். உள்ளடக்க ஸ்லைடில் இன்னமும் செய்த வேலை மூன்றாவதாகவே நிற்கும். View தாவலில் Notes Page போய், 16 பக்கத்தையும் புரட்டி, ‘முன்பு’, ‘அடுத்து’, ‘கடந்த ஸ்லைடில்’ என்ற சொற்களை மட்டும் தேடித் திருத்துங்கள். பத்து நிமிட வேலை.