பெயர் இருக்கிறது, ஃபைல் இல்லை: ஐபோனில் அப்லோட் காலியாகப் போவது ஏன்?

புது ஐபோன் வாங்கி, பழைய கணக்கில் உள்ளே போனதும் Files ஆப்பில் எல்லா ஃபைலும் வரிசையாக வந்து நிற்கும். மார்க்‌ஷீட் பிடிஎஃப், பெயர், தேதி, 340 கேபி என்ற அளவுகூடத் தெரியும். அதைப் பார்த்து ஃபைல் போனில் இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. அந்தப் பெயரும் அளவும் வெறும் விவரக்குறிப்பு. உள்ளடக்கம் ஐகிளவுடில் இருக்கும், நாம் தொட்டுத் திறக்கும்போதுதான் இறங்கும். பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புடன் சின்ன மேகம் இருந்தால் இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது வேலை விண்ணப்பத் தளத்தில் அந்த மார்க்‌ஷீட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். வழக்கமாக போனே அதை இறக்கித் தளத்திடம் கொடுத்துவிடும். ஆனால் சிக்னல் மோசமாக இருந்து இறக்கம் பாதியில் நின்றாலோ, அந்த ஆப் அது முடியும்வரை காத்திருக்காவிட்டாலோ, வெறும் 0 பைட் போய்ச் சேரக்கூடும். தளம் இதைக் கண்டுபிடிக்குமா என்றால், எல்லாத் தளமும் கண்டுபிடிக்காது. ‘500 கேபிக்கு மேல் கூடாது’ என்ற விதி மட்டும் இருந்தால் 0 என்பது அதற்குள் அடங்கிவிடும், வால்பெயரும் .pdf தான், அதனால் பச்சை டிக் விழுந்துவிடும். மந்தமான நெட்டில் ஃபைல் கண் இமைப்பதற்குள் ஏறிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

அடுத்த தவறு, ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு ‘எடுத்து வைத்துவிட்டேன்’ என்று நினைப்பது. ஐகிளவுடுக்குள்ளேயே நகர்த்தினால் இடம் மாறுவது பெயர் மட்டும்தான். ஃபைலை அழுத்திப் பிடித்து Download Now கொடுங்கள், மேகம் மறைந்த பிறகு Copy செய்து On My iPhone பகுதியில் ஒட்டுங்கள். சரி, இறங்கியது உண்மைதானா? ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பிரதியைத் திறந்து கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பாருங்கள். சின்னப் படம் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள், உள்ளே எதுவும் இறங்காமலே அது தெரியக்கூடும்.

On My iPhone பகுதியில் ஒட்டாமல், ஐகிளவுடுக்குள்ளேயே இறக்கி மட்டும் வைத்தால் அது நிரந்தரமும் இல்லை. போனில் இடம் குறைந்தால் அப்படி இறக்கியதை போனே நீக்கிவிட்டு மறுபடி மேகத்தை மாட்டிவிடும். ஐஓஎஸ் 18-லிருந்து Keep Downloaded என்ற தேர்வு இருக்கிறது, முக்கியமான ஆவணங்களுக்கு அதைப் போட்டு வைக்கலாம். ஆனால் போன் ஏற்கெனவே நிரம்பி வழிந்தால் இறங்கவே இடம் இருக்காது, முதலில் பழைய வாட்ஸ்அப் வீடியோக்களைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அப்லோட் ஆன பிறகு, தளத்தில் ‘பார்க்க’ பொத்தான் இருந்தால் இறுதிச் சமர்ப்பிப்புக்கு முன் கட்டாயம் அழுத்துங்கள். வெற்றுப் பக்கமோ ‘ஃபைல் பழுது’ என்றோ வந்தால், பழைய இணைப்பை நீக்கிவிட்டு On My iPhone பிரதியை ஏற்றுங்கள்.