ஒரு நிமிட அறிமுகக் காணொளி: எழுதுவதும் பதிவதும்

பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். அப்வர்க், பைவர் போன்ற இணையவழி வேலைத் தளங்களில் பெயரும் படமும் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. இவரிடம் வேலையைக் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் வாடிக்கையாளர் காணொளியைத் திறக்கிறார்.

எழுத்து

ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 சொற்கள் போகும். 120 சொற்களில் நிறுத்தினால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கல்முனையிலிருந்து இணையக் கடைகளுக்குக் கணக்குப் பதிவு செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவில் “நான் கடின உழைப்பாளி, நேர்மையானவர்” என்று எழுதுவார். எல்லோரும் எழுதுவது அதுதான். அதை வெட்டிவிட்டு இப்படித் தொடங்கட்டும்: “மாத முடிவில் உங்கள் விற்பனைப் பட்டியலும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகவில்லையா? அந்த வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிப்பது என் வேலை.” பெயரும் ஊரும் இதற்குப் பிறகு ஒரே வரியில் வரட்டும்.

அடுத்தது சான்று. ஒரே ஒரு வேலை போதும்: “ஓர் ஆடைக் கடையின் கணக்கில், திருப்பியனுப்பிய பொருள்களுக்குக் கொடுத்த பணம் பதியப்படாமல் விடுபட்டிருந்தது, அதைச் சரிசெய்தேன்.” இன்னும் வாடிக்கையாளர் கிடைக்காதவர் மாதிரிக் கணக்கொன்றைச் செய்து, மாதிரி என்றே சொல்லிக் காட்டலாம்.

பிறகு நேரம். லண்டனில் கோடைகாலக் காலை 9 மணி என்றால் இங்கே பிற்பகல் 1.30. “உங்கள் காலை வேளையில் நான் மேசையில் இருப்பேன்” என்ற வரி பட்டங்களின் பட்டியலைவிடப் பயன்படும். கடைசியாக, “எந்த மென்பொருளில் கணக்கு வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்” என எளிதில் பதில் சொல்லக்கூடிய கேள்வியோடு முடியுங்கள். தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ சொல்லவே கூடாது. அப்வர்க், பைவர் போன்ற தளங்களில் அது விதிமீறல், கணக்கே முடங்கலாம்.

பதிவு

கிழக்கு யன்னலில் காலை வெயில் நேரே முகத்தில் அடித்துக் கண்ணைக் கூசவைக்கும். அதே யன்னலை நோக்கி மாலை 3 மணிக்கு அமருங்கள். வெளிச்சம் மென்மையாக விழும். யன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் கறுத்துவிடும். கைத்தொலைபேசியைக் கிடையாக, கண் மட்டத்தில் வையுங்கள்.

படம் சற்று மங்கினாலும் பொறுப்பார்கள். குரல் புரியாவிட்டால் மூடிவிடுவார்கள். வியர்த்தாலும் மின்விசிறியை நிறுத்துங்கள். வெறும் சுவரும் சீமெந்துத் தரையும் எதிரொலிக்கும் என்பதால் துணி அலுமாரியும் மெத்தையும் உள்ள அறை நல்லது. கம்பியுள்ள இயர்போனின் ஒலிவாங்கியைச் சட்டையில் உரசாதபடி பொருத்தி, பத்து விநாடி பதிந்து கேட்டுப் பாருங்கள். “இஸ்” என்ற இரைச்சல் கேட்டால் இன்னும் ஏதோ ஓடுகிறது.

எழுதியதை வாசிக்காதீர்கள், கண் இடமும் வலமும் ஓடுவது தெரிந்துவிடும். பகுதிக்கு ஒரு சொல்லைத் தாளில் எழுதி லென்ஸுக்கு அருகில் ஒட்டி, திரையில் தெரியும் உங்கள் முகத்தை விட்டு லென்ஸைப் பாருங்கள்.

அப்வர்க் யூடியூப் இணைப்பைத்தான் கேட்கும். அங்கே `Private` என்று வைத்தால் வேறு யாருக்கும் ஓடாது. `Unlisted` என்று வையுங்கள். பிறகு வேறொருவரின் தொலைபேசியில் அந்த இணைப்பைத் திறந்து, ஓடுகிறதா என்று பாருங்கள்.