பதினஞ்சு மாச பாப்பா ராத்திரி தூங்கலையா? பகல்ல நடக்குற தப்ப பாருங்க

ராத்திரி பத்தரை ஆகியும் பாப்பா தூங்க மாட்டேங்குதுன்னா, பகல்ல எப்ப தூங்குதுன்னு முதல்ல பாருங்க.

குன்னூர் பக்கம் ஒரு வீடுன்னு வச்சுக்கோங்க. அப்பாவுக்கு டீ ஃபேக்டரி, அம்மாவுக்கு ஆபீஸ், பாப்பா பாட்டிகிட்ட. காலைல ஒன்பதரைக்கு தொட்டில்ல போட்டா பன்னெண்டு வரைக்கும் தூங்குது, மறுபடி நாலரைக்கு தூங்கி ஆறு மணிக்கு அம்மா வந்து கதவ தட்டுறப்பதான் முழிக்குது, அப்புறம் எட்டு மணிக்கு தூங்குன்னா அது எப்படிங்க தூங்கும்? இதுல இன்னொரு நஷ்டம், நம்ம ஊர்ல நல்ல வெயில் அடிக்கிறதே பத்துல இருந்து பன்னெண்டுக்குள்ளதான், அது தூக்கத்துலயே போயிடுது. மத்தியானம் மிஸ்ட் எறங்கிட்டா வெளிய கூட்டிட்டு போக முடியாது, அப்புறம் டிவிதான்.

இந்த வயசுல ரெண்டு தூக்கம் மெதுவா ஒன்னா மாறும், 18 மாசத்துக்குள்ள முக்கால்வாசி குழந்தைங்க மாறிடும். மாத்துறப்ப பண்ற தப்பு, காலைத் தூக்கத்த ஒரே நாள்ல நிறுத்திடறது. பதினொன்னுக்கே அழுது புரண்டு சோறும் சாப்பிடாம போயிடும். ரெண்டு மூனு நாளைக்கு ஒரு தடவ கால் மணி நேரம் தள்ளிட்டே போங்க, பன்னெண்டேகால் வர்ற வரைக்கும். நடுவுல ஒரு நாள் தாங்காம பத்து மணிக்கே கண்ணு சொருகுச்சுன்னா அரை மணி நேரத்துல எழுப்பிடுங்க. மூனு மணிக்கு மேல மட்டும் தூங்க விடாதீங்க.

அப்படி மாறினா ஆறரைக்கு முழிப்பு, ஏழரைக்கு இட்லியோ ராகிக் கூழோ, பத்துக்கு ஒரு வாழைப்பழம், பத்தரைக்கு வெளிய, பதினொன்னே முக்காலுக்கு பருப்பு சாதம், அப்புறம் ரெண்டேகால் வரைக்கும் தூக்கம். மூனு மணிக்கு முட்டையோ வேக வச்ச கேரட்டோ, அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள டப்பா மூடி உருட்டி வெளையாட்டு. ஏழு மணிக்குள்ள நைட் சாப்பாடு, ஏழே முக்காலுக்கு லைட் ஆஃப்.

சாப்பிடலன்னு பாட்டி அஞ்சரைக்கு ஒரு பாட்டில் பால் குடுக்கறது அடுத்த தப்பு. வயிறு ரொம்பிட்டா சோறு எறங்காது, சாப்பிடலையேன்னு ராத்திரி இன்னொரு பாட்டில் போகும். ஒரு நாளைக்கு 400ல இருந்து 500 மில்லி போதும், அதையும் டம்ளர்ல குடுங்க. பால் அதிகமாப் போனா இரும்புச்சத்து கொறையும்.

வெளிய போறப்ப ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு மூட்டை கட்டாதீங்க. கை ஜில்லுன்னு இருக்கறத வச்சு முடிவு பண்ணக் கூடாது, பின்கழுத்துல கைய வச்சுப் பாருங்க, வேர்த்திருந்தா ஒன்ன கழட்டிடுங்க. மலைல குளிரா இருந்தாலும் வெயில் சுள்ளுன்னு அடிக்கும், அதனால ஓரம் அகலமான தொப்பி வேணும். எல்லாத்துக்கும் மேல, கதவ சாத்திட்டு ரூமுக்குள்ள கரி அடுப்பு மட்டும் வைக்கவே வைக்காதீங்க, அந்தப் புகையில வாசனையே தெரியாத விஷ வாயு இருக்கு.