அபிராமி அந்தாதியை இணையத்திலிருந்து எடுக்கும் முன்

ஒரு தை அமாவாசைக்கு எங்கள் தெருப் பெண்கள் கூடி அபிராமி அந்தாதி படித்தார்கள். ஆளுக்கொரு நகல். முதல் பாட்டின் இரண்டாம் அடியில் "மதிக்கின்ற மரணிக்கம்" என்று அச்சாகியிருந்தது. மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் சரியாகப் பாட, தாளைப் பார்த்துப் படித்த சின்னப் பெண் தடுக்கி நின்றாள். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து கணினியிடம் படிக்கக் கொடுத்தால் துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அப்படித்தான் மாணிக்கம் மரணிக்கம் ஆகியிருக்க வேண்டும்.

இங்கே முதல் தவறு, "நாலு தளத்தில் பார்த்தேன், நாலிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது" என்று நம்பிவிடுவது. பாடல் வரித் தளங்கள் பல ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுப்பவை. நாலும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்தால் பிழையும் ஒன்றாகவே இருக்கும்.

அந்தாதியில் சரிபார்க்கும் கருவி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இது கட்டளைக் கலித்துறை என்ற பா வகை. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணினால், நேரசையில் தொடங்கும் பாட்டுக்கு அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. "உதிக்கின்ற" என்பதில் உ, தி என்று இரண்டு குறில் சேர்ந்து நிரையசை ஆவதால் 17 வர வேண்டும். "மதிக்கின்ற மாணிக்கம் மாதுளம்போது மலர்க்கமலை" என்பதை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: நாலு, மூன்று, ஐந்து, ஐந்து. சரியாக 17. மரணிக்கம் என்றால் 18 ஆகிவிடும். முதல் அடியில் "உச்சித் திலகம்" என்பதை யாராவது "உச்சியில் திலகம்" என்று எளிமைப்படுத்தியிருந்தாலும் இதே கணக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

பாட்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் சுலபம். முதல் பாட்டு "துணையே" என்று முடிகிறது, இரண்டாவது "துணையும்" என்று தொடங்குகிறது. அது "அறிந்தனமே" என்று முடிய, மூன்றாவது "அறிந்தேன்". நூறாவது பாட்டு "உதிக்கின்றனவே" என்று முடிந்து முதல் பாட்டுக்கே வந்து சேர்கிறது. சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே ஏதோ போயிருக்கிறது.

ஆனால் எண்ணிக்கை எல்லாவற்றையும் பிடிக்காது. முதல் பாட்டின் கடைசிச் சொல் "விழுத்துணையே". மேலான துணை என்று பொருள். இணையத்தில் பல இடங்களில் இது "விழித்துணையே" என்றிருக்கும். எழுத்துக் கணக்கு மாறவில்லை, கண்ணுக்குத் துணை என்று ஒரு பொருளும் கிடைத்துவிடுகிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இதற்கு உரையோடு கூடிய அச்சுப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பாடம் எங்கிருந்து வந்தது, யார் தட்டெழுதினார்கள், யார் மெய்ப்புப் பார்த்தார்கள் என்று எழுதி வைக்கும் தளத்தை நாட வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் இந்த விவரம் முகப்பிலேயே இருக்கும். அந்த முகப்பை நீக்காமல் யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்பது அவர்கள் நிபந்தனை.

உரிமை விஷயத்தில் நடக்கும் குழப்பம் வேறு. "சாமி பாட்டுக்கு என்ன காப்புரிமை?" என்று கேட்பார்கள். அந்தாதியை இயற்றிய அபிராமி பட்டரின் வரிகளுக்கு இல்லைதான். அதற்கு இந்தக் காலத்தில் எழுதிய உரைக்கு உண்டு, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை. பாடிப் பதிவு செய்த ஒலிக்கும் தனியாக 60 ஆண்டு உண்டு: 1975இல் வெளியான இசைத்தட்டு என்றால் 2035 முடியும் வரை. பாடகர் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இல்லாமல் வெறும் எம்பி3 கோப்பாகக் கிடந்தால் அது பெரும்பாலும் உரிமை வாங்காததுதான். யூடியூபில் விவரப் பகுதி Provided to YouTube by என்று தொடங்கி நிறுவனத்தின் பெயரும் இருந்தால், அது பெரும்பாலும் உரிமையாளர் வழியாக வந்த பதிவு.

அப்புறம் அந்தப் பச்சைப் பொத்தான். வரிகளுக்கு நடுவே Download என்று பெரிதாக மின்னுவது பல நேரம் விளம்பரம். அதன் மூலையில் பொடியாக Ad என்றோ ஒரு பெருக்கல் குறியோ இருக்கும். உண்மையான இணைப்பு கீழே, சின்ன எழுத்தில், கோப்பின் பெயரோடு கிடக்கும். போனில் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும். அது வேறு ஏதோ தளத்துக்குப் போகிறதென்றால் விட்டுவிடுங்கள். தவறித் தட்டிவிட்டாலும் வந்த கோப்பின் வாலைப் பாருங்கள். பாட்டு .mp3, வரிகள் .pdf. அந்தாதி கேட்டதற்குச் செயலியை நிறுவும் .apk வந்தால் திறக்காமல் அழித்துவிட வேண்டும். அளவும் காட்டிக்கொடுக்கும்: 128 கேபிபிஎஸ் பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி வரும், ஆகவே நாற்பது நிமிட அந்தாதி முழுதும் 2 எம்பியில் அடங்காது.

"நீங்கள் ரோபோ இல்லை என்றால் Allow அழுத்துங்கள்" என்று கேட்டு, அழுத்திய நாளிலிருந்து போனில் 'வைரஸ் இருக்கிறது' என்று அறிவிப்பாகக் கொட்டுகிறதா? பாட்டி போனில் இதுதான் அதிகம் நடக்கிறது. அது பெரும்பாலும் வைரஸ் அல்ல, அறிவிப்பு அனுப்ப நாம் கொடுத்த அனுமதி. குரோமில் Settings, Site settings, Notifications என்று போய் அந்தத் தளத்தின் பெயரைத் தேடி நீக்கினால் நின்றுவிடும்.